கருதை என்றைக்கு ஒடித்தார்கள்?

அக்காவுக்குச் சர்க்கரை. சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனவளிடம் உணவு ஆலோசகர் ஒரு தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார். எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று கட்டம் கட்டி அச்சடித்த தாள். தானியக் கட்டத்தில் கைக்குத்தல் அரிசி, கேழ்வரகு, கம்பு, வரகு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் பாப்கார்ன் இருந்தது. காய்கறிக் கட்டத்தில் அவரைக்கும் வெண்டைக்கும் நடுவே பேபி கார்ன். அதற்குக் கீழே ‘மாவுச்சத்து மிகுந்த காய்கள், அளவோடு’ என்று தனியாக ஒரு வரி. அதில் உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன்.

“டேய், இந்தத் தாளைத் தப்பா அடிச்சிருக்காங்கடா. மூணும் மக்காச்சோளம்தானே? ஒண்ணைத் தானியம்ங்கறாங்க, ரெண்டைக் காய்ங்கறாங்க. அதுவும் பாப்கார்ன் போய் கம்போட சேர்ந்து நிக்குது. சினிமா கொட்டாய்ல விக்கிற சாமான் அது!” என்றாள்.

தாளில் தப்பில்லை. ஆனால் அவளுடைய சந்தேகம் நியாயமானது. பதில் சொல்ல இரண்டு கேள்விகள் போதும். கருதைச் செடியிலிருந்து என்றைக்கு ஒடித்தார்கள்? ஒடித்தபிறகு மணியிலிருந்து எதை எடுத்துப் போட்டார்கள்? முதல் கேள்வி தானியமா காய்கறியா என்பதைச் சொல்லிவிடும். இரண்டாவது, முழுதானியமா இல்லையா என்பதை.

மக்காச்சோளம் புல் குடும்பத்துச் செடி. நெல், கோதுமை, கம்பு, நம் ஊர்ச் சோளம் எல்லாவற்றுக்கும் பங்காளி. கருதில் வரிசையாகப் பதிந்திருக்கும் ஒவ்வொரு மணியையும் நாம் விதை என்கிறோம். தாவரவியல்படி அது முழுக் கனி. மாம்பழத்தில் தோல், சதை, கொட்டை என்று தனித்தனியாக இருப்பது, புல்வகைகளில் கனியின் தோலும் விதையின் தோலும் பிரிக்கமுடியாமல் ஒட்டிப்போய் ஒரே மணியாகிவிடுகிறது. ஆக ஒரே மக்காச்சோள மணியைக் கனி என்றாலும் சரி, விதை என்றாலும் பெரிய பிழையில்லை, தானியம் என்றாலும் சரி. ‘காய்கறி’ மட்டும் தாவரவியலில் இல்லாத சொல். அது சமையலறையிலும் சந்தையிலும் பிறந்தது. கீரையின் இலை, வாழையின் தண்டு, முருங்கையின் காய், உருளையின் கிழங்கு எல்லாமே நமக்குக் காய்கறிதான். செடியின் எந்த உறுப்பு என்று நாம் கேட்பதேயில்லை. ஈரமாக, இளசாக, குழம்பிலோ பொரியலிலோ போடும்படி இருந்தால் காய்கறி. காய்ந்து, கெட்டியாகி, மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தால் தானியம் அல்லது பருப்பு.

இது நமக்குப் புதிதுமில்லை. தை மாதத்தில் பச்சை மொச்சை வாங்கும்போது அதைக் காய்கறிக் கடையில் வாங்குகிறோம். ஆடியில் காய்ந்த மொச்சையைத் தேடி மளிகைக் கடைக்குப் போகிறோம். துவரையும் அப்படியே. பச்சைத் துவரங்காயை உரித்துக் கூட்டு வைத்தால் காய். அதே காய் செடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆலையில் உடைபட்டு வந்தால் துவரம்பருப்பு. யாரும் இதில் குழம்புவதில்லை. மக்காச்சோளத்தில் குழப்பம் வருவதற்குக் காரணம், நம்மில் பலருக்கு அது செடியில் வளர்வதே தெரியாமல், தகரடப்பாவிலும் பொட்டலத்திலும் மூன்று வெவ்வேறு பெயர்களில் அறிமுகமானதுதான். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறவரிடம் கேட்டால் சிரிப்பார். அவருடைய கருது செடியிலேயே காய்ந்து, பெரும்பாலும் கோழித்தீவனமாகப் போகிறது. அது தானியம் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

ஒரு கருதின் வாழ்நாளைக் கொஞ்சம் நின்று பார்த்தால் தாளில் உள்ள மூன்று பெயர்களும் அதிலேயே வரிசையாக வந்துவிடும். செடி ஆளுயரம் வளர்ந்து, கணுவில் சிறு கருது தலைகாட்டும்போது அதன் நுனியில் பட்டுநூல் போன்ற ஒரு குஞ்சம் வெளியே வரும். நாம் கருதை உரிக்கும்போது கையில் ஒட்டிக்கொண்டு தொல்லை செய்யும் அதே நார்தான். ஒவ்வொரு நூலும் உள்ளே உருவாகப்போகும் ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. செடியின் உச்சியிலுள்ள ஆண்பூவிலிருந்து மகரந்தம் விழுந்து, நூல் வழியாக இறங்கிச் சேர்ந்தால்தான் அந்த இடத்தில் மணி பிடிக்கும். சில கருதுகளில் அங்கங்கே பல் விழுந்ததுபோலக் காலியிடம் இருக்குமே, அந்த நூல்களுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

குஞ்சம் தலைகாட்டியதும், மகரந்தம் சேர்வதற்கு முன்பாகவே, இரண்டொரு நாளில் ஒடித்துவிட்டால் அது பேபி கார்ன். அதில் மணியென்று ஒன்று இல்லவே இல்லை. மணி ஆகியிருக்கக்கூடிய சிறு மொட்டுகளும், முற்றாத நடுத்தண்டும் மட்டுமே. அதனால்தான் அதை அப்படியே தண்டோடு சேர்த்துக் கடித்துத் தின்ன முடிகிறது. வாழைப்பூவைப்போல இதுவும் ஒரு பூங்கதிர். இதைத் தானியம் என்று யாராலும் வாதாட முடியாது. தனி ரகம் என்று பலர் நினைக்கிறார்கள். பேபி கார்னுக்கென்று தேர்ந்த ரகங்கள் இருந்தாலும், எந்த மக்காச்சோளத்தையும் அந்த வயதில் ஒடித்தால் அது பேபி கார்ன்தான்.

விட்டுவைத்தால் மணி பிடிக்கிறது. குஞ்சம் வந்து மூன்று வாரம் ஆகும்போது மணி பருத்து மஞ்சளாகிறது. நகத்தால் கீறினால் பால் பீச்சும். நெல்லுக்குப் ‘பால் பிடிக்கும் பருவம்’ என்கிறோமே, அது இதற்கும் பொருந்தும். இந்தச் சமயத்தில் மணியின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். செடியின் இலைகளிலிருந்து சர்க்கரை வந்து இறங்கிக்கொண்டேயிருக்கும். மணி அதை மாவுச்சத்தாக மாற்றிச் சேமித்துக்கொண்டிருக்கும். ஸ்வீட் கார்ன் இந்தப் பருவத்தில் ஒடிக்கப்படுவது.

ஆனால் எந்த மக்காச்சோளத்தையும் பால் பருவத்தில் ஒடித்தால் ஸ்வீட் கார்ன் ஆகிவிடாது. கடற்கரையில் சுட்டு, எலுமிச்சையில் மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுத் தேய்த்துத் தருவதில் நாட்டு மக்காச்சோளமும் உண்டு. அதில் இனிப்பு லேசாகத்தான் இருக்கும். மெல்ல மெல்ல மாவு தட்டுப்படும். ஸ்வீட் கார்ன் ரகங்களில் சர்க்கரையை மாவுச்சத்தாக்கும் வேலையில் ஒரு மரபணு இடறிவிடுகிறது. சர்க்கரை தேங்கி நிற்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் என்ற மரபியலாளர், காய்ந்தால் சுருங்கிப்போகும் ஒருவகை மணியை மென்று பார்த்து அதன் இனிப்பைக் கவனித்தார். 1953ல் அதைப் பற்றி எழுதினார். இன்றைய அதி இனிப்பு ரகங்கள் பலவற்றுக்கு அந்தச் சுருங்கிய மணிதான் மூதாதை. மாவு சேராததால் காய்ந்ததும் உள்ளே ஒன்றுமில்லாமல் வற்றிவிடுகிறது. அதனால் ஸ்வீட் கார்னைக் காயவைத்துப் பாப்கார்ன் செய்யலாமா என்று கேட்டால், முடியாது. வெடிக்க அதற்குள் சரக்கு போதாது.

மூன்றாவது கட்டம்தான் நீளமானது. குஞ்சம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்போது, மணி தண்டோடு ஒட்டியிருக்கும் அடிநுனியில் கரும்புள்ளி போல ஒரு படலம் விழுகிறது. செடிக்கும் மணிக்கும் இருந்த வரவு செலவு அன்றோடு முடிந்தது. அதன் பிறகு மணிக்குள் ஒரு துளி சர்க்கரையும் வராது. காய்வது மட்டுமே பாக்கி. அடுத்தமுறை வெடிக்காத பாப்கார்ன் மணி கிடைத்தால் அதன் கூர்நுனியைச் சுரண்டிப் பாருங்கள். அந்தக் கருமை தெரியும். அதுதான் இது முழுமையாக முற்றிய தானியம் என்பதற்கு மணியே வைத்திருக்கும் முத்திரை.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு உலகப் பயிர்க் கணக்கெடுக்கும்போது இந்த நாளைத்தான் கோடாக வைத்திருக்கிறது. தானியக் கணக்கில் சேர்வது காய்ந்த மணிக்காக அறுத்தது மட்டும். பச்சையாகத் தின்ன ஒடித்த மக்காச்சோளம் காய்கறிக் கணக்கில் போகிறது. பாப்கார்னுக்கு அந்தப் பட்டியலில் தனி வரியே உண்டு, தானியங்களின் கீழே. அமெரிக்க உணவு வழிகாட்டுதல்களிலும் இதே கதைதான். பச்சைக் கருது உருளைக்கிழங்கோடும் பட்டாணியோடும் மாவுக்காய்களில் வருகிறது. அக்காவின் தாளும் அப்படித்தான் பிரித்திருந்தது.

இனி இரண்டாவது கேள்வி. தானியம் என்பது சரி, முழுதானியமா?

மணியைக் குறுக்கே வெட்டினால் மூன்று பகுதிகள். வெளியே தவிட்டுத் தோல். உள்ளே பெரும்பகுதியாக மாவு. ஒரு பக்கத்தில் ஒதுங்கி முளைக்கரு. சாதாரண மக்காச்சோளத்தில் எடைக்கணக்கில் மாவு ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல், முளைக்கரு பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல், மிச்சம் தோல். மாவில் சக்தி, தோலில் நார், முளைக்கருவில் எண்ணெயும் வைட்டமின்களும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2006ல் ஒரு வரைவு விளக்கம் வெளியிட்டது. மணி முழுசாக இருக்கலாம், உடைந்திருக்கலாம், அவலாகத் தட்டப்பட்டிருக்கலாம், மாவாக அரைபட்டும் இருக்கலாம். இந்த மூன்று பகுதிகளும் மணியில் இருந்த அதே விகிதத்தில் இருந்தால் அது முழுதானியம் என்றது. கூடவே உதாரணப் பட்டியலில் மக்காச்சோளத்தைச் சொல்லி, பாப்கார்னும் அதில் சேரும் என்று பெயர் சொல்லியே எழுதியது.

இந்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது, அது வடிவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது. முழுசாகத் தெரிகிறதா என்பது கேள்வியில்லை. எது போச்சு என்பதுதான் கேள்வி. பார்க்க முழுசாக, பளபளவென்று இருக்கும் வெள்ளை அரிசி முழுதானியம் இல்லை. உருத்தெரியாமல் அரைத்த கேழ்வரகு மாவு, சலித்துக் கொட்டாதவரை முழுதானியம். அந்தக் கணக்கில் பாப்கார்னை வைத்துப் பார்க்க வேண்டும். உருவமே மாறி, உள்ளே இருந்தது வெளியே வந்து, பூவாக மலர்ந்து கிடக்கிறதே, வெடிக்கும்போது என்ன போகிறது?

தண்ணீர் போகிறது. கிட்டத்தட்ட அது மட்டுமே.

பாப்கார்ன் ரகத்து மணி சிறியது, தோல் கெட்டி. மாவு கண்ணாடிபோல இறுகியது. காய்ந்த மணிக்குள்ளும் எடையில் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். சட்டியில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகப் பார்க்கிறது. தோல் விடுவதில்லை. அழுத்தம் ஏறுகிறது, உள்ளே மாவு அந்த ஆவியில் வெந்து கூழாகிறது. 180 பாகை செல்சியஸ் வாக்கில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைப்போல ஒன்பது பத்து மடங்கை எட்டுகிறது. நம் வீட்டுக் குக்கரில் விசில் வரும் நேரத்தில் உள்ளே இருப்பது இரண்டு மடங்குதான். அதற்குமேல் தோல் தாங்காது. கிழிகிறது. கூழாக இருந்த மாவு ஆவியோடு சேர்ந்து நுரையாகப் பொங்கி, அந்தக் கணமே குளிர்ந்து அப்படியே உறைந்துவிடுகிறது. நாம் தின்னும் வெள்ளைப் பூ, உறைந்த மாவு நுரை. பிரான்சில் எமானுவேல் விரோ, அலெக்சாந்தர் பொனொமரென்கோ என்ற இருவர் இதை அதிவேகக் கேமராவில் பிடித்து 2015ல் வெளியிட்டார்கள். ‘டப்’ என்ற சத்தம் தோல் கிழிவதால் வருவதில்லை, அடைபட்ட ஆவி விடுபடுவதால் வருகிறது என்பது அவர்கள் கண்டது.

அக்கா நம்புகிற ஆள் இல்லை. அதனால் அவள் முன்னாலேயே செய்து பார்த்தோம். சமையலறைத் தராசில் 50 கிராம் மணி. எண்ணெய் ஊற்றினால் கணக்குக் குழம்பும் என்று, எண்ணெயில்லாமல் கனத்த பாத்திரத்தில் மூடி போட்டு, விடாமல் குலுக்கினோம். சத்தம் ஓய்ந்ததும் பாத்திரத்தில் இருந்ததை எல்லாம், வெடிக்காததையும் உதிர்ந்த தோல் துணுக்குகளையும் விடாமல், தட்டி நிறுத்தோம். 44 கிராம். 50 கிராமில் 14 சதவீதம் என்றால் 7 கிராம் தண்ணீர். ஒரு கிராம் அளவு ஈரம் பூவிலேயே தங்கியிருக்கும். கணக்கு சரியாக நின்றது. தவிடும் முளைக்கருவும் எங்கும் போகவில்லை. தவிடு எங்கே என்று தேடவே வேண்டாம். தின்று முடித்த பிறகு பல்லிடுக்கில் சிக்கி ராத்திரி முழுக்க நாக்கைச் சீண்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்புத் தோல்தான் தவிடு. பூவின் நடுவில் தோலோடு ஒட்டிக்கொண்டு கெட்டியாக ஒரு துணுக்கு இருக்கும். முளைக்கரு அங்கேதான்.

“அப்ப காலையில பேரன் திங்கிற கார்ன்ஃப்ளேக்ஸ் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதுவும் இதே சோளம்தானே?” என்றாள்.

அதுவும் முற்றிய தானியம்தான். முதல் கேள்வியில் தேறிவிடும். இரண்டாவதில் தோற்கிறது. வழக்கமான கார்ன்ஃப்ளேக்ஸ் செய்ய, ஆலையில் முதலில் மணியை உடைத்துத் தோலையும் முளைக்கருவையும் நீக்குகிறார்கள். முளைக்கருவை நீக்கக் காரணம் உண்டு. மணியின் எண்ணெயில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. உடைந்த மணியில் அது காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கடித்துவிடும். எடுத்த முளைக்கருவும் வீணாவதில்லை. சோள எண்ணெய் அதிலிருந்து வருகிறது. மிஞ்சிய மாவுத் துண்டுகளைச் சர்க்கரை, உப்பு, மால்ட் சேர்த்து வேகவைத்து, உருளைகளுக்கிடையில் நசுக்கி, வறுக்கிறார்கள். சூப்பைக் கெட்டியாக்கப் போடும் வெள்ளை கார்ன்ஃப்ளார் இன்னும் ஒருபடி மேலே போனது. மணியை ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, தோல், முளைக்கரு, புரதம் எல்லாவற்றையும் கழுவிப் பிரித்துத் தூய மாவுச்சத்தை மட்டும் எடுத்தது அது. ‘மக்காச்சோளம்’ என்ற பெயரைத் தவிர அதில் தானியத்தின் மிச்சம் எதுவும் இல்லை. கடையில் விற்கும் ஸ்வீட் கார்ன் சூப்பை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மிதப்பது காய்கறி, கெட்டியாக்கியது சுத்திகரித்த மாவு, இரண்டும் ஒரே செடி.

வெடிக்காத மணிகளை அக்கா எண்ணினாள். பதினெட்டு. “இதெல்லாம் சொத்தையா?” என்றாள்.

சொத்தையில்லை. பாப்கார்ன் என்பது தோலை நம்பி நடக்கும் வித்தை. தோலில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஆவி கசிந்துவிடும். அழுத்தம் சேராது. அறுவடைக்குப் பிறகு அவசரப்பட்டு அதிகச் சூட்டில் காயவைத்தால் இந்த விரிசல் விழும். இயந்திரத்தில் உதிர்க்கும்போது அடிபட்டாலும் விழும். இன்னொரு காரணம், மணி மிகவும் காய்ந்துபோவது. திறந்த பொட்டலத்தை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் ஈரம் வற்றிவிடும். அறிகுறி எளிது. சத்தம் மந்தமாக இருக்கும், பூ சின்னதாகவும் கடினமாகவும் வரும், அடியில் நிறைய மணி தங்கும். வற்றியதை மீட்கலாம். ஒரு லிட்டர்ப் பாட்டிலில் முக்கால் அளவு மணி போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, இறுக மூடி, தண்ணீர் உறிஞ்சப்படும்வரை அவ்வப்போது குலுக்கி, இரண்டு மூன்று நாள் வைத்தால் போதும். விரிசல் விட்டதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் அதிகமானாலும் கெடும். தோல் மென்மையாகி, அழுத்தம் முழுசாகச் சேர்வதற்குள் கிழிந்துவிடும். கோழித்தீவனத்து மக்காச்சோளத்தைச் சட்டியில் போட்டால் பெரும்பாலும் வெடித்து மலராமல் விரிசல் விட்டுக் கருகுவதும் தோலும் மாவும் அப்படி அமையாததால்தான்.

முழுதானியம் என்று தெரிந்ததும் அக்கா ஒரு பெரிய டப்பாவை எடுத்து வந்ததைச் சொல்லவேண்டும். இங்கேதான் அந்தத் தாள் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. அமெரிக்க வழிகாட்டுதலில் மூன்று கப் பாப்கார்ன் ஒரு தானியப் பங்கு. அரை கப் சோற்றுக்கு அது சமம். மூன்று கப் என்பது எடையில் வெறும் 24 கிராம்தான். எண்ணெயில்லாமல் பொரித்தால் தொண்ணூறு சொச்சம் கலோரி, மூன்றரை கிராம் நார். வயிற்றை நிரப்பும் அளவுக்குச் சக்தி குறைவு, அதுதான் அதன் நல்ல குணம். ஆனால் மாவு இப்படி நுரையாகப் பொங்கிவிட்டதால் சீக்கிரம் செரித்துவிடும். அதனால் சர்க்கரை ஏற்றும் வேகத்தில் பாப்கார்ன் நடுத்தரத்தில்தான் நிற்கிறது. முழுதானியம் என்பது மணியின் உடற்கூறைப் பற்றிய பேச்சு. அதன்மேல் என்ன ஊற்றினார்கள் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. வெண்ணெய் வாசனை எண்ணெயும் கைநிறைய உப்பும் போட்ட திரையரங்கு வாளியிலும் தவிடும் முளைக்கருவும் அப்படியே இருக்கின்றன. சட்டப்படி அதுவும் முழுதானியம்தான், என்ன செய்ய? நான்கு வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு மட்டும் எந்த வகையும் வேண்டாம். புரையேறி மூச்சுக்குழாயில் சிக்கும்.

அதன்மேல் ஊற்றியதைக் கேள்வி கேட்ட ஒரே இடம், எனக்குத் தெரிந்து, வரித்துறை. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், உப்பும் மசாலாவும் போட்டுச் சில்லறையாக விற்கும் பாப்கார்னுக்கு 5 சதவீதம், அதையே பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டினால் 12, கேரமல் பூசினால் 18 என்று விளக்கம் தந்தது. சர்க்கரை சேர்ந்ததும் அது மிட்டாய் ஆகிவிட்டது என்பது காரணம். நாடே சிரித்தது. எனக்கென்னவோ அதில் ஒரு நியாயம் தெரிந்தது. மூன்று துறைகள் ஒரே மணியை மூன்று கேள்வி கேட்கின்றன. பயிர்க் கணக்கர் அறுத்த நாளைக் கேட்கிறார், ஊட்டச்சத்துக்காரர் எடுத்ததைக் கேட்கிறார், வரி அதிகாரி சேர்த்ததைக் கேட்கிறார்.

ஸ்வீட் கார்னுக்கு ஒரு சிக்கல் பாக்கியிருக்கிறது. அதை மறைத்தால் அக்கா பிறகு என்னைச் சும்மா விடமாட்டாள். கருதிலிருந்து பல்லால் கடித்துத் தின்னும் ஸ்வீட் கார்ன் மணியிலும் தோல், மாவு, முளைக்கரு மூன்றும் இருக்கின்றன. எதையும் யாரும் எடுக்கவில்லை. அப்படியானால் அதையும் முழுதானியம் என்று சொல்லலாமே என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடற்கூறு அவர்கள் பக்கம்தான். வழிகாட்டுதல் எழுதியவர்கள் வேறுபக்கம் நிற்பது வயதை வைத்து. 100 கிராம் பச்சை ஸ்வீட் கார்னில் 76 கிராம் தண்ணீர், மாவுச்சத்து முழுசாகச் சேரவில்லை, சக்தி 86 கலோரிதான். 100 கிராம் பாப்கார்னில் 387. தட்டில் அது செய்யும் வேலை உருளைக்கிழங்கின் வேலை. ஆனால் காய் என்று எழுதியிருப்பதால் சோற்றுக்குப் பக்கத்தில் தாராளமாகக் குவித்துக்கொள்ளலாம் என்று ஆகாது. ‘மாவுச்சத்து மிகுந்த காய்கள், அளவோடு’ என்ற அந்தத் தனி வரி அதற்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் ஸ்வீட் கார்ன் தின்னும் வேளையில் சோற்றில் ஒரு கரண்டி குறைக்கவேண்டும். பேபி கார்னுக்கு அந்தக் கவலை இல்லை. அது மணியாகும் முன்பே பிடுங்கியது.

அக்கா தாளை மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

“அப்ப கார்த்திகைக்கு வாங்கற பொரி?”

எந்தப் பொரி என்று கேட்டேன். கார்த்திகைக்கு நெல் பொரிதான் என்றாள், வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடிப்பது. அது நெல்லை உமியோடு சுடுமணலில் போட்டுப் பொரிப்பது. வெடிக்கும்போது உமி பிளந்து, புடைத்தால் பறந்துவிடுகிறது. உமி யாரும் தின்னாத மேல்சட்டை, அது கணக்கில் சேராது. தவிடும் முளைக்கருவும் தீட்டப்படாமல் பொரியிலேயே இருக்கின்றன. ஆயுத பூசைக்கு மூட்டை மூட்டையாக வரும் அரிசிப் பொரி அப்படியில்லை. அது புழுங்கல் அரிசியைத் தீட்டித் தவிட்டை நீக்கியபிறகு உப்புநீர் தெளித்து வறுப்பது. ஒன்று பாப்கார்ன் கட்சி, இன்னொன்று கார்ன்ஃப்ளேக்ஸ் கட்சி.

“வெல்லம்?” என்றாள்.

“அது வரி அதிகாரி கேக்கற கேள்விக்கா,” என்றேன்.